பத்திரப் பதிவுக்கு ஆன்லைனில் டோக்கன் எடுப்பது எப்படி: தமிழ்நாட்டில் முதன்முறை மனை வாங்குபவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் புதிய மென்பொருள் வந்தது. அதற்குப் பிறகு பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேராகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் போய் நிற்கும் முறை போய்விட்டது. இப்போது வாங்குபவர், விற்பவர், சொத்து, தொகை எல்லாவற்றையும் முதலில் tnreginet.gov.in தளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணத்தைச் செலுத்தி, நாளும் நேரமும் குறித்து டோக்கன் எடுத்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பெரும்பாலோர் இதைப் பத்திர எழுத்தர் கையில் விட்டுவிடுகிறார்கள். விடலாம், அதில் தவறில்லை. ஆனால் அவர் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் இருப்பது ஒன்று, கணினியில் ஏறியிருப்பது இன்னொன்று. நாளைக்கு, சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரியப்போவதும், பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகத்துக்குப் போகப்போவதும் கணினியில் ஏறிய விவரம்தான். அதனால் இந்தக் கட்டுரை எந்த பொத்தானை அழுத்துவது என்பதைவிட, எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

எளிதாக இருக்கட்டும் என்று ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். ஒரு பெண் தன் பெயரில் 1,200 சதுர அடி காலி மனை ஒன்றைக் கிரையம் வாங்குகிறார். கிழக்கு மேற்கில் 30 அடி, தெற்கு வடக்கில் 40 அடி. விற்பவர் 2009-இல் அதை வீட்டுமனையாகப் பதிவு செய்து வாங்கியவர். பேசி முடித்த விலை 9 லட்சம் ரூபாய்.

தளத்தைத் திறக்கும் முன்

மேசையில் நான்கு தாள்கள் இருக்க வேண்டும்: விற்பவர் அந்த மனையை வாங்கியபோது பதிவான தாய்ப்பத்திரம், அவர் பெயரில் உள்ள பட்டா, வில்லங்கச் சான்று, இரு தரப்பு ஆதார் அட்டைகள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை.

நம் உதாரணத்தில் 2009 பத்திரத்தில் புல எண் ‘112/3A-இல் ஒரு பகுதி’ என்று இருக்கிறது. அதன் பிறகு உட்பிரிவு செய்யப்பட்டு விற்பவர் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. பட்டாவில் புல எண் 112/3A2. அப்படியானால் வில்லங்கம் போடும்போது இரண்டு எண்களுக்கும் போட வேண்டும். புதிய எண்ணுக்கு மட்டும் போட்டால், உட்பிரிவுக்கு முன்னால் பழைய எண்ணில் ஏறிய அடமானமோ ஒப்பந்தமோ கண்ணில் படாமல் போகலாம். வில்லங்க விவரத்தைத் தளத்திலேயே கட்டணமில்லாமல் பார்க்கலாம். கையெழுத்திட்ட சான்று வேண்டுமானால்தான் பணம் கட்ட வேண்டும்.

பட்டாவில் பரப்பு 0 - 1.11 என்று இருக்கும். முதலில் வருவது ஹெக்டேர், அடுத்தது ஏர், புள்ளிக்குப் பின்னால் வருவது சதுர மீட்டர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆக இந்த மனை 111 சதுர மீட்டர். 1,200 சதுர அடியை மாற்றினால் 111.48 சதுர மீட்டர் வரும். அரை சதுர மீட்டர் வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வந்தது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருந்து பட்டாவில் 98 சதுர மீட்டர்தான் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சர்வேயரை வைத்து அளந்து பார்க்காமல் மேலே போகக் கூடாது.

இன்னொரு கேள்வி, மனைக்கு அங்கீகாரம் உண்டா என்பது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனை என்று ஒருமுறை பதிவாகியிருந்தால் மறுவிற்பனைக்கு வழி உண்டு. நம் மனை 2009-இல் ‘வீட்டுமனை’ என்றே பதிவானது, அதனால் அந்தக் கதவு திறந்திருக்கிறது. அதே 2009 பத்திரம் ‘புஞ்சை நிலம்’ என்று இருந்திருந்தால் கதை வேறு. (பதிவு முடிந்துவிட்டாலும் கட்டட அனுமதிக்கு அங்கீகாரம் தனியாகத் தேவைப்படும். இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.)

கணக்கு தொடங்குவதும் வழிகாட்டி மதிப்பைப் பார்ப்பதும்

தளத்தில் பயனர் பதிவு செய்யும்போது பொதுமக்கள், ஆவண எழுத்தர், வழக்கறிஞர் என்று வகை கேட்கும். பொதுமக்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிக்கு ஓடிபி வரும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டால் முடிந்தது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. எழுத்தரின் கைபேசி எண்ணைக் கட்சிக்காரரின், அதாவது வாங்குபவர் அல்லது விற்பவரின் எண்ணாகக் கொடுத்துவிடாதீர்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். பதிவு பற்றிய குறுஞ்செய்திகள் எல்லாம் நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் வரும்.

அடுத்து உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் வருகிறது என்று தளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புதிதாகப் பிரிந்த மாவட்டங்களிலும் நகரை ஒட்டிய ஊர்களிலும் தாலுகா ஓரிடம், பதிவு அலுவலகம் வேறிடம் என்று இருக்கும். பழைய பத்திரத்தில் பார்த்த அலுவலகப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், எல்லை மாறியிருக்கலாம்.

பிறகு வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் விலை. இது தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் இருக்கும். வீட்டுமனைக்குச் சதுர அடிக் கணக்கில் வரும், விவசாய நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் வரும். உங்கள் மனைக்கு இரண்டு வழியிலும் தேடிப் பாருங்கள். தெருவுக்கு ஒரு விலையும் புல எண்ணுக்கு வேறு விலையும் வந்தால், அதிகமானதையே அலுவலகம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. நம் உதாரணத்தில் சதுர அடிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு 7,20,000 ரூபாய்.

கட்சிக்காரர் விவரம்

ஆவணத்தை உருவாக்கும் பக்கத்தில் முதலில் ஆவண வகை கேட்கும். நமக்குக் கிரையம். செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, தானம் எல்லாம் தனித்தனி வகைகள், தீர்வையும் வெவ்வேறு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டைக் கிரையம் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் தொகை பல மடங்காகத் தெரியும். தொகையைப் பார்த்துத் திடுக்கிட்டால் முதலில் ஆவண வகையைச் சரிபாருங்கள்.

அடுத்து எழுதிக் கொடுப்பவர், அதாவது விற்பவர். எழுதி வாங்குபவர், அதாவது நீங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, கைபேசி எண், அடையாள ஆவணம், பான் எண் என்று கட்டங்கள் வரும். கிரையத் தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பான் அவசியம். இல்லாதவர்கள் அதற்கான படிவம் கொடுக்க வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டிய வேலை தனியாக இருக்கிறது.

பெயர் கட்டம்தான் இங்கே கண்ணிவெடி. தாய்ப்பத்திரத்தில் ‘சுப்பிரமணி’, பட்டாவில் ‘சுப்பிரமணியம்’, ஆதாரில் ‘சுப்பிரமணியன்’. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு அது தெரியாது. பட்டாவில் உள்ள பெயரும் எழுதிக் கொடுப்பவர் பெயரும் ஒத்துப்போனால், உட்பிரிவு தேவைப்படாத சொத்துக்குப் பட்டா தானாகவே மாறும் வசதி இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோப்பு கிராம நிர்வாக அலுவலர் மேசைக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து எப்போது நகரும் என்பது உங்கள் ராசி.

எனவே அடையாள அட்டையில் உள்ள பெயரை முதலில் எழுதி, பிறகு ‘என்கிற’ சேர்த்துப் பட்டாவிலும் தாய்ப்பத்திரத்திலும் உள்ள பெயரைக் கொடுங்கள். ‘சுப்பிரமணியன் என்கிற சுப்பிரமணியம்’ என்பது பார்க்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வேலை செய்யும். இனிஷியலை எங்கே போடுவது என்பதிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். கட்டத்தில் ஒரு விதமாகவும் பத்திரத்தின் வாசகத்தில் வேறு விதமாகவும் எழுதுவதுதான் பிற்பாடு தொல்லை கொடுக்கும்.

விற்பவர் இறந்துபோய் வாரிசுகள் விற்கிறார்கள் என்றால், வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரையும் எழுதிக் கொடுப்பவர்களாகத் தனித்தனியே சேர்க்க வேண்டும். ‘அக்கா வெளியூரில் இருக்கிறார், அவர் கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவர் வைத்திருப்பவர் விற்பதானால் எழுதிக் கொடுப்பவர் இடத்தில் உரிமையாளரின் பெயரும், அவருக்காக முகவர் என்ற குறிப்போடு பவர் பெற்றவரின் பெயரும் வர வேண்டும். உரிமையாளர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

சாட்சிகள் இரண்டு பேர். அவர்களுக்கும் முகவரியும் அடையாள ஆவணமும் உண்டு. பதிவு நாளன்று உண்மையாகவே வரக்கூடியவர்களாகப் பார்த்துப் போடுங்கள்.

சொத்து விவரம்

இந்தப் பக்கத்தை அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். மாவட்டம், தாலுகா, கிராமம் தேர்ந்தெடுத்தவுடன் புல எண், உட்பிரிவு எண் கேட்கும். பட்டாவில் உள்ள இப்போதைய எண்ணைத்தான் இங்கே கொடுக்க வேண்டும், அதாவது 112/3A2. பழைய எண் 112/3A என்பதைச் சொத்து விவரக் குறிப்பிலும் பத்திரத்தின் வாசகத்திலும் சேருங்கள். பழைய எண்ணை மட்டும் கொடுத்துவிட்டால் வருவாய்த்துறையின் பதிவேட்டில் அதற்கு ஆளே இருக்க மாட்டார், பட்டா மாறுதல் அங்கேயே நின்றுவிடும். நகரப் பகுதி என்றால் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று வேறு வகை எண்கள் வரும்.

பரப்பைக் கொடுக்கும்போது அலகைப் பாருங்கள். சதுர அடி, சென்ட், ஏர், சதுர மீட்டர் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 1,200 என்று எண்ணைப் போட்டு அலகை மாற்ற மறந்தால், கட்டணக் கணக்கு வரும் பக்கத்தில் தொகை எகிறி நிற்கும். அப்போதாவது தெரிந்துவிடும். ஆனால் தொகையைக் குறைக்கும் பக்கம் போன தவறு யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடும். சதுர மீட்டர் அளவைச் சதுர அடி என்று போட்டுவிட்டால் சொத்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், தீர்வையும் குறைவாகக் காட்டும். அலுவலகத்தில் கண்டுபிடித்தால் திருப்பி அனுப்புவார்கள். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம், உங்கள் வில்லங்கத்தில் 111 சதுர அடிக்குத்தான் கிரையம் நடந்ததாகப் பதிவு இருக்கும்.

இப்போது நான்கெல்லை. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். நம் பழைய பத்திரங்களில் எல்லை இப்படி எழுதப்பட்டிருக்கும்:

‘மனை எண் 16-க்கு வடக்கு, மனை எண் 18-க்குத் தெற்கு, 23 அடி அகல ரோட்டுக்கு மேற்கு, மனை எண் 22-க்குக் கிழக்கு. இதன் மத்தியில் உள்ள மனை எண் 17.’

மனை 16-க்கு வடக்கே நம் மனை இருக்கிறது என்பது இதன் பொருள். அதாவது நமக்குத் தெற்கே இருப்பது மனை 16. ஆனால் தளத்தில் உள்ள கட்டம், ‘வடக்கு’ என்று போட்டு, வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறது. பத்திரத்தில் ‘வடக்கு’ என்ற சொல்லைப் பார்த்து மனை 16-ஐ அங்கே நிரப்பினால் மனையே தலைகீழாகத் திரும்பிவிடும். நம் மனைக்குச் சரியான விடை: வடக்கே மனை 18, தெற்கே மனை 16, கிழக்கே 23 அடி ரோடு, மேற்கே மனை 22. சந்தேகம் வந்தால் ரோட்டை வைத்துப் பாருங்கள். மனைக்கு முன்னால் ரோட்டில் நின்றால் காலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஓர் எல்லை சரியாக விழுந்தால் மற்ற மூன்றும் தானாக விழும்.

பக்க அளவுகளையும் கொடுங்கள். கிழக்கு மேற்காக வடபுறம் 30 அடி, தென்புறம் 30 அடி. தெற்கு வடக்காக கீழ்புறம் 40 அடி, மேல்புறம் 40 அடி. நான்கு பக்கமும் சமமாக இல்லாத மனையில் இந்த அளவுகள்தான் பின்னால் சண்டையைத் தீர்க்கும்.

காலி மனையா, கட்டடம் உள்ளதா என்றும் கேட்கும். காலி மனை என்றால் இடத்தின் புகைப்படத்தை, எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு தெரியும்படி கைபேசிச் செயலியில் எடுத்து ஆவணத்தோடு வைக்க வேண்டும். வீடு இருந்தால் கட்டடத்தின் பரப்பு, வயது, கூரை வகை எல்லாம் சேர்ந்த இணைப்புப் படிவம் வேண்டும், அலுவலகத்திலிருந்து நேரில் பார்க்கவும் வருவார்கள். ‘கட்டடத்தைக் காட்டாமல் காலி மனை என்றே போட்டுவிடலாம்’ என்று ஆலோசனை சொல்ல ஊரில் எப்போதும் ஒருவர் இருப்பார். அப்படிப் போட்டால் தீர்வைக் குறைவு என்று பிற்பாடு நோட்டீஸ் வரும்போது அவர் இருக்க மாட்டார். வீடே இல்லாத பத்திரத்தை வைத்து வங்கியில் வீட்டுக் கடனும் கேட்க முடியாது.

முந்தைய ஆவண எண்ணையும் ஆண்டையும், அது பதிவான அலுவலகத்தையும் கொடுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள்.

தீர்வைக் கணக்கு

கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். இதில் 5 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் உள்ளாட்சிக்குப் போகும் மாற்றுத் தீர்வை. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு காலத்தில் 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணத்தை 2023-இல் குறைத்து, அதற்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முன்பிருந்த அளவுக்கு உயர்த்தினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

எந்தத் தொகைக்கு இந்தச் சதவீதம்? பத்திரத்தில் எழுதும் விலை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்கு. தளத்தில் இவை ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டாக வரும்.

நம் உதாரணத்தில் விலை 9,00,000, வழிகாட்டி மதிப்பு 7,20,000. ஆகவே 9 லட்சத்துக்குக் கணக்கு.

```
முத்திரைத் தீர்வை   9,00,000 x 7% = 63,000
பதிவுக் கட்டணம்     9,00,000 x 1% =  9,000
மொத்தம்                            = 72,000
```

கணவர் பெயரில் வாங்கியிருந்தால் பதிவுக் கட்டணம் 18,000, மொத்தம் 81,000. இதற்கு மேல் கணினிக் கட்டணம் போன்ற சில்லறைத் தொகைகளும், உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் அதற்கான கட்டணமும் சேரும்.

வழிகாட்டி மதிப்பு 600 இல்லாமல் 900 ரூபாயாக இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். 1,200 சதுர அடிக்கு 10,80,000. பேசிய விலை 9 லட்சம்தான் என்றாலும் கணக்கு 10,80,000-க்கு. அதோடு 10 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் பெண்களுக்கான சலுகையும் போய்விடும். தீர்வை 75,600, பதிவுக் கட்டணம் 21,600, மொத்தம் 97,200. விலை பேசும் முன்பே வழிகாட்டி மதிப்பைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வழிகாட்டி மதிப்பு நியாயமில்லாமல் அதிகம் என்று நினைத்தால், நீங்கள் சொல்லும் மதிப்புக்கே தீர்வை கட்டிவிட்டு, முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்கீழ் அனுப்பச் சொல்லலாம். தனித்துணை ஆட்சியர் இடத்தைப் பார்த்து மதிப்பை முடிவு செய்வார். அதுவரை உங்கள் பத்திரம் கைக்கு வராது. வங்கிக் கடனில் வாங்குபவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. வித்தியாசம் பெரிதாக இருந்து, காத்திருக்கவும் முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பணம் கட்டுவதும் டோக்கனும்

தீர்வை முழுவதையும் முத்திரைத்தாளாக வாங்க வேண்டியதில்லை. ஒரு பகுதிக்கு முத்திரைத்தாள் வாங்கி அதில் பத்திரத்தை அச்செடுத்து, மிச்சத்தை ஆன்லைனில் கட்டலாம். 10,000 ரூபாய்க்குத் தாள் வாங்கினால், முத்திரைத்தாள் மதிப்புக்கான கட்டத்தில் 10,000 என்று நிரப்ப வேண்டும். அப்போது மிச்சத் தீர்வை 53,000 என்று தளம் காட்டும். தாள் வாங்கியும் இந்தக் கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டால் அந்த 10,000-ஐ இரண்டாம் முறை கட்டிவிடுவீர்கள்.

கட்டுவதற்கு முன் சுருக்கப் பக்கத்தை அச்செடுத்து, விற்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். இந்த நிலைவரைக்கும் எதையும் திருத்தலாம். பதிவு முடிந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும், அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கிய பிறகு அவர் எவ்வளவு ஆர்வமாக வருவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இணையவழி வங்கிச் சேவை மூலம் பணம் கட்டும்போது சில சமயம் கணக்கிலிருந்து தொகை போயிருக்கும், ஆனால் தளம் ‘நிலுவை’ என்றே காட்டும். உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை வைத்துக் கட்டண நிலையைச் சரிபார்க்கும் வசதி தளத்தில் இருக்கிறது, சற்று நேரம் விட்டு அதில் பாருங்கள். இரண்டு முறை கட்டிய பணத்தைத் திரும்பப் பெற மனு கொடுத்து அலைய வேண்டியிருக்கும்.

கட்டணம் ஏறியவுடன், விவரங்களை ஏற்றியபோது தளம் கொடுத்த தற்காலிக எண்ணை வைத்து டோக்கன் எடுக்கலாம். அலுவலகத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தால் காலியாக உள்ள நேரங்கள் வரும். சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் 100 டோக்கன், இருவர் இருந்தால் 200. கூட்டம் அதிகமுள்ள அலுவலகங்களில் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டித் தட்கல் டோக்கனும் எடுக்கலாம். சுபமுகூர்த்த நாட்களில் டோக்கன் எண்ணிக்கையைக் கூட்டித் துறை அறிவிப்பு வெளியிடும், இருந்தும் போதாது. ஆவணி, தை மாத முகூர்த்தங்களுக்கு இடம் பிடிக்க நினைப்பவர்கள் தரவுகளை முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டும். நாள் பார்க்காதவர்களுக்கு முகூர்த்தத்துக்கு மறுநாள் மிக வசதியான நாள், அலுவலகம் வெறிச்சென்று இருக்கும்.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பத்திரத்தில் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பொதுவாகப் பதிவு நாளன்றே கையெழுத்து வாங்குவதால் இது பிரச்சினையாகாது. விற்பவர் வெளிநாடு போகிறார் என்று முன்னதாகக் கையெழுத்து வாங்கி வைத்தால் மட்டும் நாட்காட்டியைப் பாருங்கள்.

பதிவு நாளன்று

டோக்கன் சீட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தான பத்திரம், அசல் தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது, எல்லோருடைய அசல் அடையாள அட்டைகள், இரண்டு சாட்சிகள். உங்கள் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். அசல் தாய்ப்பத்திரம் வங்கி அடமானத்தில் இருக்கிறது என்று விற்பவர் அன்று காலையில் சொன்னால், டோக்கனை விட்டுவிட்டு வேறு நாள் எடுப்பதே நல்லது.

சார்பதிவாளர் திரையில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு புகைப்படம், கைரேகை. பெருவிரல் ரேகை தேய்ந்துபோன வயதானவர்களுக்கு இது நேரம் எடுக்கும், அவர்களைக் காலை டோக்கனில் கூட்டிப் போங்கள். விற்பவரிடம் ‘பணம் வந்துவிட்டதா, சம்மதம்தானா’ என்று கேட்பார். காசோலை அல்லது வங்கிப் பரிமாற்ற எண்கள் பத்திரத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஆவண எண் விழுந்து, ஸ்கேன் முடிந்து, பத்திரம் அன்றே கைக்கு வந்துவிடும். ஏதாவது குறை இருந்தால் நிலுவை எண் போட்டு வைப்பார்கள். அப்படி வைத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில நாள் கழித்துத் தளத்தில் வில்லங்கத்தைத் திறந்து உங்கள் ஆவண எண் 112/3A2-இன் கீழ் வந்திருக்கிறதா, பரப்பும் எல்லைகளும் நீங்கள் ஏற்றியபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் eservices.tn.gov.in தளத்தில் பட்டாவைத் திறந்து பாருங்கள். நம் உதாரணத்தைப் போல முழு உட்பிரிவையும் வாங்கி, பெயரும் ஒத்துப்போயிருந்தால் தனியாக மனு போடாமலே உங்கள் பெயர் ஏறியிருக்கும். ஒரு புல எண்ணில் பாதியை மட்டும் வாங்கியவர்களுக்குச் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகுதான் பட்டா மாறும். அதற்கான மனு எண் பதிவின்போது குறுஞ்செய்தியில் வந்திருக்கும், அதை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு நிலையைப் பார்த்து வாருங்கள்.